நகைக்கடன் சீட்டில் காணாமல் போன இரண்டு கிராம்

சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே நகைக்கடன் கணக்கு விவரம் ஒன்று. அதோடு ரப்பர் பேண்ட் போட்ட பழைய அடகுச் சீட்டுகள். "வட்டி எவ்வளவு ஆகியிருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லுப்பா. எழுத்து பொடியா இருக்கு, எனக்குத் தெரியலை" என்றார். வட்டியைப் பார்க்கத்தான் கையில் வாங்கினேன். ஆனால் அதற்கு இரண்டு வரி மேலே இருந்த எடையிலேயே கண் நின்றுவிட்டது.

அவர் வைத்திருந்தது இரண்டு உருப்படிகள். ஒன்று சில வருடங்களுக்கு முன் வாங்கிய ஹால்மார்க் சங்கிலி, 24 கிராம். இன்னொன்று அம்மாச்சி கொடுத்த கெம்புக்கல் அட்டிகை. அட்டிகைக்கான வரியில் இப்படி இருந்தது: மொத்த எடை 30.00 கிராம், கழிவு 8.18 கிராம், நிகர எடை 21.82 கிராம், தரம் 20 காரட்.

அந்த 8.18 உறுத்தியது. கல்லின் எடையை யாரும் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லிவிட முடியாது. பதித்த கல்லைப் பெயர்த்தெடுத்தா நிறுக்கிறார்கள்? நகை மதிப்பீட்டாளர் கண்ணால் பார்த்து, கல்லுக்கும் அடியில் இருக்கும் அரக்குக்கும் சேர்த்து ஒரு கணிப்பில்தான் கழிக்கிறார். அந்தக் கணிப்பு பெரும்பாலும் ஐந்து, ஆறு, ஆறரை என்று முழுதாகவோ அரையாகவோதான் வரும். இரண்டு தசமம் வரை போகிற கழிவு, தராசிலிருந்து வந்ததாக இருக்காது, கால்குலேட்டரிலிருந்து வந்திருக்கும்.

ரப்பர் பேண்டைக் கழற்றிப் பழைய சீட்டுகளைப் புரட்டினேன். அதே அட்டிகையை முன்பு ஒரு கூட்டுறவு வங்கியில் வைத்திருந்தார். அந்தச் சீட்டில் மொத்த எடை 30.00, கல், அரக்கு வகையில் கழிவு 6.00, நிகர எடை 24.00. அப்படியானால் இந்த முறை கூடுதலாகப் போன 2.18 கிராம் எங்கே? கால் பவுனுக்கும் கொஞ்சம் மேல். நகை தேய்ந்திருந்தால் மொத்த எடையும் குறைந்திருக்க வேண்டும். அது அப்படியே 30.00 இருக்கிறது.

விடை தரம் என்ற கட்டத்தில் இருந்தது. 24 கிராமை 20 ஆல் பெருக்கி 22 ஆல் வகுத்துப் பாருங்கள். 21.82 வரும். அதாவது, இருபது காரட் தங்கமாக உள்ள 24 கிராமை, இருபத்திரண்டு காரட் தங்கமாகக் கணக்கிட்டால் எவ்வளவோ அதைத்தான் "நிகர எடை" என்று எழுதிவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று புரிந்துகொள்வது நல்லது. சுத்தத் தங்கம் 24 காரட். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். நூற்றுக்கு 91.6. அதனால்தான் நகையில் 916 என்று முத்திரை குத்துகிறார்கள். 20 காரட் என்றால் நூற்றுக்கு 83.3. தரம் குறைந்த நகைக்கு மதிப்பு குறையத்தான் செய்யும், அதில் தவறில்லை. அதைக் கணக்கில் கொண்டுவர இரண்டு வழி உண்டு. எடையை அப்படியே வைத்து, கிராம் விலையைக் குறைக்கலாம். அல்லது எடையை 22 காரட் அளவுக்கு மாற்றி, 22 காரட் விலையைப் போடலாம். எந்த வழியில் போனாலும் ஒரே தொகைதான் வரும். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் வம்பு.

சித்தியின் சீட்டில் நடந்தது அதுதான். கணக்கு எளிதாக இருக்க, 22 காரட் கிராம் விலை ₹10,000 என்று வைத்துக்கொள்வோம். 20 காரட்டுக்கு அது ₹9,091 ஆகும். 24 கிராமுக்கு மதிப்பு சுமார் ₹2,18,182. சீட்டிலோ குறைத்த எடையான 21.82 கிராமைக் குறைத்த விலையான ₹9,091 ஆல் பெருக்கி ₹1,98,366 என்று போட்டிருந்தார்கள். ஒரே குறைக்கு இரண்டு முறை கழிவு, ₹19,800 போய்விட்டது.

"அதனால என்னப்பா? எனக்குக் கேட்ட பணம் கிடைச்சிடுச்சு. நகையை மீட்டா முழுசாத்தானே தரப்போறாங்க?" என்றார் சித்தி. பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். நகை திரும்பி வந்தால் அவர் சொல்வது சரிதான். வராமல் போனால்? பெட்டகத்தில் காணாமல் போனாலோ, தணிக்கையில் எடையோ தரமோ குறைந்தது தெரிந்தாலோ, கடன் கொடுத்தவர் ஈடு கட்டியாக வேண்டும் என்பது விதி. எந்த அளவுக்கு ஈடு என்ற பேச்சு வரும்போது மேசையில் இருக்கப்போவது இந்தச் சீட்டுதான். நகை ஏலத்துக்குப் போனாலும் அப்படியே. ஆரம்ப விலையைக் குறிக்கப் பதிவேட்டில் உள்ள நிகர எடைதான் எடுபடும். எழுதாமல் விட்ட இரண்டு கிராமை அன்றைக்கு நிரூபிப்பது பெரும்பாடு.

எடையைப் போலவே தரத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. கடன் கொடுக்கும் இடத்தில் உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டுப் பார்ப்பார்கள். சில இடங்களில் எக்ஸ்-கதிர் கருவி இருக்கும். இரண்டுமே நகையின் மேற்பரப்பைத்தான் பார்க்கின்றன. பழைய நகையில் பொடி வைத்து ஒட்டிய இணைப்புகள் நிறைய. உரைத்த இடம் அந்த இணைப்பாக இருந்தால், நல்ல 22 காரட் நகைகூட ஒரு காரட் குறைவாகக் காட்டும். ஒரு காரட் குறைந்தால் மதிப்பில் ஏறக்குறைய நாலரை சதவீதம் போகும். வேறொரு இடத்தில் உரைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். தயங்க வேண்டியதில்லை, சோதனையின்போது கடன் வாங்குபவர் உடன் இருக்க வேண்டும் என்பதே இப்போதைய விதி. சங்கிலி போல ஹால்மார்க் நகை என்றால் வேலை இன்னும் சுலபம். 2023 ஏப்ரல் முதல் விற்கப்படும் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்யூஐடி குறியீடு இருக்கும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் எந்தத் தரம் என்று பதிவாகியிருக்கிறதோ அது வந்துவிடும். சீட்டில் அதற்குக் குறைவாக எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நான் மேலே சொன்ன விதிகள் ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6 அன்று தங்கம், வெள்ளி அடமானக் கடனுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல்களில் உள்ளவை. வங்கிகளும், கூட்டுறவு வங்கிகளும், நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் இதற்கு மாறியாக வேண்டும். அதற்கு முன் வாங்கிய கடனுக்குப் பழைய விதிதான். தெருமுனை அடகுக் கடை இதில் வராது. அதற்குத் தமிழ்நாட்டில் 1943-ஆம் ஆண்டின் அடகுக் கடைக்காரர் சட்டம் தனியாக இருக்கிறது.

இந்த வழிகாட்டுதல்களில் எனக்குப் பிடித்தது ஒரு தாள். கடன் கொடுப்பவர், தன் பெயர் அச்சிட்ட தாளில் மதிப்பீட்டுச் சான்று தர வேண்டும். அதில் காரட் கணக்கில் தரம், மொத்த எடை, நிகர எடை, கல், அரக்கு, நூல், கொக்கி என்று என்னென்ன கழித்தார்கள் என்ற விவரம், நகையில் உடைசல் இருந்தால் அதன் குறிப்பு, நகையின் படம், கடன் தரும் நேரத்து மதிப்பு எல்லாம் இருக்க வேண்டும். சித்தியிடம் அது இல்லை. "கேட்கணும்னு தெரியாதே" என்றார். கணக்கு விவரத்தைச் சரிபார்க்கிறவர் முதலில் தேட வேண்டியது இந்தச் சான்றைத்தான். சான்றில் உள்ள எண்ணும் கணக்கு விவரத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது.

கிராம் விலை பற்றியும் ஒரு வார்த்தை. நகைக்கடைப் பலகையில் உள்ள விலையோடு சீட்டில் உள்ள விலையை ஒப்பிட்டுவிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடமானத்துக்கு அன்றைய விலை எடுபடாது. இந்திய புல்லியன் மற்றும் நகை வியாபாரிகள் சங்கமோ செபியின் கட்டுப்பாட்டில் உள்ள சரக்குச் சந்தையோ வெளியிடும் விலையில், முந்தைய 30 நாள் சராசரி, முந்தைய நாள் முடிவு விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. விலை ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் சராசரி பின்தங்கியே இருக்கும்; அதனால் சீட்டில் விலை குறைவாகத் தெரிவது இயல்பு. செய்கூலி, சேதாரம், கல்லுக்குக் கொடுத்த பணம் எதுவும் இதில் சேராது.

இனி கடன் வரம்பு. நகையின் மதிப்பில் எத்தனை சதவீதம் வரை கடன் தரலாம் என்பதைச் சீட்டில் எல்டிவி என்று போட்டிருப்பார்கள். வீட்டுச் செலவு, படிப்பு, மருத்துவம் போன்ற தேவைக்கான கடன் ஒருவருக்கு மொத்தம் இரண்டரை லட்சம் வரை என்றால் 85 சதவீதம். அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80. ஐந்து லட்சத்தைத் தாண்டினால் 75. விவசாயத்துக்கோ தொழிலுக்கோ வாங்கும் கடனுக்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது, அதைக் கொடுப்பவரே தன் கொள்கைப்படி முடிவு செய்கிறார். ஆகவே சீட்டில் கடனின் நோக்கம் என்ன என்று எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சித்தி வாங்கியது ₹3,40,000. குடும்பச் செலவுக்கு. சங்கிலி ₹2,40,000, அட்டிகை அவர்கள் கணக்கில் ₹1,98,366, ஆக மொத்த மதிப்பு ₹4,38,366. எல்டிவி 77.56 சதவீதம் என்று அச்சாகியிருந்தது. 80-க்குள்தானே இருக்கிறது, சரி என்று தாளை மடித்துவிடத் தோன்றும்.

ஆனால் இது மாதத் தவணைக் கடன் இல்லை. அசலும் வட்டியும் சேர்த்து ஒரு வருட முடிவில் மொத்தமாகக் கட்டுகிற வகை. நகைக்கடனில் பெரும்பாலானவர்கள் விரும்புவது இதைத்தான். இந்த வகைக்கு எல்டிவியைக் கையில் வாங்கிய அசலை வைத்துப் பார்க்கக் கூடாது. கெடு முடியும் நாளில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையை வைத்துப் பார்க்க வேண்டும். சீட்டின் தலைப்பில் போட்டிருந்த 12 சதவீத வட்டிப்படி அது ₹3,80,800. அவர்கள் எழுதிய மதிப்பில் இது கிட்டத்தட்ட 87 சதவீதம். அட்டிகையின் எடையைத் திருத்தி, நகையின் மதிப்பை ₹4,58,182 என்று நம் கணக்கில் எடுத்தாலும் 83 சதவீதத்துக்கு மேல் வருகிறது. வரம்புப்படி அவருக்குக் கொடுத்திருக்க வேண்டியது அதிகபட்சம் சுமார் ₹3,27,000.

கூடுதலாகக் கடன் கிடைத்தால் வாங்கியவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வரம்பு கடன் கொடுக்கும் நாளுக்கு மட்டுமில்லை, கடன் முடியும் வரைக்கும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். விலை கொஞ்சம் சரிந்தாலும் "பணம் கட்டுங்கள், இல்லையென்றால் இன்னொரு நகை வையுங்கள்" என்று முதலில் போன் வருவது விளிம்பில் நிற்பவருக்குத்தான். கடனைப் புதுப்பிக்கப் போனாலும் இதே தொல்லை. முன்பெல்லாம் வருட முடிவில் வட்டியையும் அசலில் சேர்த்துப் புதுக் கடனாக எழுதிக்கொள்வார்கள். கையிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க வேண்டாம். இப்போது இந்த வகைக் கடனை, சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகுதான் புதுப்பிக்க முடியும், அதுவும் வரம்புக்குள் இருந்தால்தான். "வருஷம் முடிஞ்சா மாத்தி வெச்சுக்கலாம்" என்ற நினைப்போடு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாகத்தான் சித்தி கேட்ட வட்டிக்கு வந்தோம். மே 5-ஆம் தேதி கடன். விவரம் ஆகஸ்ட் 3-ஆம் தேதியது. இடையில் 90 நாள். சேர்ந்த வட்டி ₹12,575 என்று இருந்தது.

ஒரு வருட வட்டி ₹40,800. அதை 365 ஆல் வகுத்து 90 ஆல் பெருக்கினால் ₹10,060. எனக்கும் சீட்டுக்கும் ₹2,500-க்கு மேல் வித்தியாசம். இப்படி இடிக்கும்போது நான் செய்வது கணக்கைத் தலைகீழாகப் போடுவது. சீட்டில் உள்ள வட்டியை 365 ஆல் பெருக்கி, நாட்களால் வகுத்து, பிறகு அசலால் வகுத்து, நூறால் பெருக்கினால், உண்மையில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்பது வெளியே வந்துவிடும்.

```
12575 × 365 ÷ 90 ÷ 340000 × 100 = 15.0
```

பதினைந்து. இந்த எண் எப்படி வருகிறதோ அதைப் பொறுத்துக் காரணமும் தெரியும். 12-க்குச் சற்று மேலே, 12.3 என்று வந்திருந்தால், மாதாமாதம் வட்டியை அசலில் ஏற்றி வட்டிக்கு வட்டி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். 15, 18 என்று முழு எண்ணாகத் தாவினால் அது வேறு விகிதம். பல நிறுவனங்களின் திட்டங்களில் மாதாமாதம் வட்டியைக் கட்டிவிட்டால் ஒரு விகிதம், விட்டுவிட்டால் இன்னொரு விகிதம். விளம்பரத்திலும் சீட்டின் தலைப்பிலும் இருப்பது சலுகை விகிதம். நிபந்தனை தவறினால் முதல் நாளிலிருந்தே கூடுதல் விகிதம் ஏறிவிடும்.

சித்தியின் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அது இருந்தது, பொடி எழுத்தில். முப்பது நாளுக்குள் வட்டி கட்டினால் 12, இல்லையென்றால் 15. வருட முடிவில் கட்டினால் போதும் என்று சொன்னதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிட்டார். சொன்னது பொய்யில்லை, ஆனால் அப்படிக் கட்டினால் வட்டி மூன்று சதவீதம் கூடும் என்பதைச் சொல்லவில்லை. இப்போது எல்டிவி கணக்கையும் மறுபடி போட வேண்டும். 15 சதவீதத்தில் வருட முடிவுத் தொகை ₹3,91,000. திருத்திய மதிப்பிலும் 85 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இதில் சிக்காமல் இருக்க வழி, கடன் வாங்கும்போது தருகிற முக்கிய விவர அறிக்கையைப் படிப்பது. 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடனுக்கெல்லாம் அதைத் தர வேண்டும் என்று ஆகிவிட்டது. கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் ஒரு வரி இருக்கும். தலைப்பில் உள்ள 12-ஐ விட்டுவிட்டு அந்த வரியைப் பாருங்கள்.

வட்டியில் இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். வட்டி ஓட ஆரம்பிப்பது பணம் கைக்கு வந்த நாளிலிருந்துதான், கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து இல்லை. இவ்வளவு பெரிய தொகை வங்கிக் கணக்கில்தான் வந்திருக்கும்; பாஸ்புக்கில் தேதி இருக்கும். சித்தி விஷயத்தில் இரண்டும் மே 5 தான், பிரச்சினையில்லை. மற்றொன்று, கெடு தாண்டியதற்கான அபராதம். அதைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். வட்டி விகிதத்தோடு கூட்டவும் கூடாது, அசலில் சேர்த்து அதன் மேல் வட்டி போடவும் கூடாது.

மறுநாள் சித்தியும் நானும் கிளைக்குப் போனோம். பழைய கூட்டுறவு வங்கிச் சீட்டைக் காட்டி, எடையை மட்டும் முதலில் கேட்டோம். மேலாளர் மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டார். அவர் தாளைப் பார்த்த உடனேயே, "தரத்தையும் எடையிலேயே கழிச்சுட்டேன் சார்" என்றார். அட்டிகையை எடுத்து வந்து எங்கள் முன்னால் நிறுத்தார்கள், 30.00. கழிவு 6.00 என்று திருத்தி, நிகர எடை 24.00, தரம் 20 காரட் என்று சான்று கொடுத்தார்கள். வட்டியில் இறங்கி வரவில்லை. ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார்கள், இருக்கத்தான் இருந்தது. வரம்பு மீறலைச் சொன்னபோது மேலாளர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே அந்த ₹12,575-ஐயும் அசலில் ₹25,000-ஐயும் சித்தி கட்டினார். இனி மாதாமாதம் வட்டி கட்டி 12 சதவீதத்துக்கே வந்துவிடுவதாக ஏற்பாடு.

எல்லா இடத்திலும் இப்படி உடனே திருத்திவிட மாட்டார்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணம் இல்லாமல் புகார் பதியலாம்.

நகையை மீட்கப் போகும் நாளுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முழுக் கடனையும் கட்டிய அன்றே, தவறினால் ஏழு வேலை நாளுக்குள், நகையைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத்துத் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ₹5,000 உங்களுக்குச் சேர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தக் கிளையின் தராசிலேயே ஒவ்வொரு உருப்படியாக நிறுத்துப் பாருங்கள். அங்கே நிகர எடையைப் பார்க்க முடியாது, மொத்த எடைதான் தெரியும். சித்தியின் அட்டிகைக்கு அது 30.00 வர வேண்டும்.